மைனிங் ரிக்கும் இரண்டு மாத இபி பில்லும்

"அண்ணா, பழைய ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ ஒண்ணு அறுபதாயிரத்துக்கு வருது. மாடி ரூம்ல போட்டு ஓட்டினா கரண்ட் செலவு போக ஏதாவது நிக்குமா?"

ஸ்ரீரங்கம் வடக்கு உத்தரவீதியில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நிற்காமல் கணக்கும் போட்டு வைத்திருந்தான். மெஷின் 3250 வாட். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் ஓடினால் 78 யூனிட். அவன் வீட்டு இபி பில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட், 1301 ரூபாய். அதை வகுத்து யூனிட்டுக்கு 3 ரூபாய் 10 பைசா என்று எடுத்துக்கொண்டான். ஆக தினசரி கரண்ட் செலவு 242 ரூபாய். மெஷின் நாளொன்றுக்குச் சம்பாதிப்பது 396 ரூபாய். மிச்சம் 154. அறுபதாயிரத்தை 154ஆல் வகுத்தால் 390 நாள், அதாவது ஒரு வருஷமும் கொஞ்சமும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம்.

வாட்டும் சரி, யூனிட்டும் சரி, வருமானமும் கிட்டத்தட்ட சரி. யூனிட் விலை மட்டும்தான் தப்பு. அந்த ஒன்றினால் மொத்தக் கணக்கும் தலைகீழாகிறது. இணையத்தில் கிடைக்கும் மைனிங் கால்குலேட்டர்கள் பெரும்பாலானவற்றில் யூனிட் விலைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். அமெரிக்காவில் பல ஊர்களில் அது போதும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு அந்தக் கட்டத்தில் என்ன எண்ணைப் போடுவது என்பதுதான் இங்கே முழுக் கேள்வியும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு, அரசு மானியம் போக, பில்லில் வரும் விகிதம் இது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு 2.35, அதன்பின் 400 வரை 4.70, கடைசி 100க்கு 6.30. 500ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும். 101இலிருந்து 400 வரை மொத்தமும் 4.70 ஆகும். அதற்கு மேலே 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் ஓடுவது எவ்வளவானாலும் யூனிட்டுக்கு 11.55. 2025 ஜூலையில் வந்த உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது.

இப்போது தம்பியின் வீட்டைப் பார்ப்போம். இலவச நூறையும் மலிவான படிகளையும் ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்துவிட்டன. மெஷினின் முதல் யூனிட் 421ஆவது யூனிட். அங்கிருந்துதான் அது ஏறுகிறது. ஆகவே மெஷினுக்கு உரிய யூனிட் விலை என்பது வீட்டின் சராசரி அல்ல. மெஷின் இல்லாத பில், மெஷின் உள்ள பில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மெஷின் எடுத்த யூனிட்டால் வகுத்தால் வருவதுதான் அது.

போட்டுப் பார்த்தோம். 78 யூனிட், 60 நாள்: 4680. வீட்டின் 420ஐச் சேர்த்தால் 5100 யூனிட். முதல் ஆயிரம் யூனிட்டுக்குப் படிப்படியாகக் கூட்டினால் 6870 ரூபாய். மீதி 4100 யூனிட்டும் 11.55இல் 47,355 ரூபாய். மொத்த பில் 54,225. மெஷின் இல்லாவிட்டால் வந்திருக்க வேண்டிய 1301ஐக் கழித்தால் 52,924. அதை 4680ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 11 ரூபாய் 31 பைசா. தினசரி 882 ரூபாய்.

242 என்று நினைத்த இடத்தில் 882. வருமானம் 396. ஒவ்வொரு நாளும் 486 ரூபாய் கைவிட்டுப் போகிறது. போட்ட அறுபதாயிரம் எத்தனை நாளில் திரும்பும் என்ற கேள்விக்கே இடமில்லை.

மெஷின் சின்னதாக இருந்தால் தப்பிக்கலாமா என்றும் கேட்டான். ஆறு கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ரிக் ஒன்று சுவரில் 850 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 20.4 யூனிட், இரண்டு மாதத்தில் 1224. அதே வீட்டில் இதை ஓட்டினால் மெஷினின் பங்கு 13,007 ரூபாய், யூனிட்டுக்கு 10.63. மெஷின் அளவு கால்வாசிதான், ஆனால் யூனிட் விலை எழுபது பைசாகூடக் குறையவில்லை. ஆயிரம் யூனிட்டைத் தாண்டிவிட்டால் அப்படித்தான்.

கிராஃபிக்ஸ் கார்டு என்றதும் 2021ஐ நினைத்துப் பேசுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அப்போது ஓடியது, உண்மைதான். எத்தீரியம் விலை உச்சத்தில் இருந்தது. நம் ஊரில் வீட்டுக் கட்டணத்தின் உச்சப் படியே யூனிட்டுக்கு 6.60தான். 2022 செப்டம்பர் 10ஆம் தேதி புதிய கட்டணம் வந்தது, ஆயிரம் யூனிட்டுக்கு மேல் 11 ரூபாய் ஆனது. அடுத்த ஐந்தாவது நாள், செப்டம்பர் 15, எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. செலவு ஏறியதும் வருமானம் நின்றதும் ஒரே வாரத்தில் நடந்தது. அந்த வாரத்துக்கு முந்தைய அனுபவத்தை வைத்து இன்று யாராவது யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பணத்தை மட்டும் போடாதீர்கள்.

வருமானப் பக்கத்துக்கு வருகிறேன். இதையும் கால்குலேட்டரை நம்பாமல் கையாலேயே போடலாம். 2024 ஏப்ரல் 20 முதல் ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், நாளைக்கு 144. உலகம் முழுவதும் உள்ள எல்லா மெஷினுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 450 பிட்காயின். அந்த 450இல் உங்கள் பங்கு என்பது உங்கள் ஹாஷ் வேகத்தை மொத்த நெட்வொர்க்கின் வேகத்தால் வகுப்பது. எஸ்19 ப்ரோ 110 டெராஹாஷ். நெட்வொர்க் 2025இல் ஆயிரம் எக்ஸாஹாஷைத் தாண்டியது, அதாவது நூறு கோடி டெராஹாஷ். 110ஐ நூறு கோடியால் வகுத்து 450ஆல் பெருக்கினால் 0.0000495 பிட்காயின். ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்தால் 396 ரூபாய். மைனிங் குழு பிடிக்கும் கமிஷனும் பிளாக்கோடு வரும் பரிவர்த்தனைக் கட்டணமும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும் என்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

இந்த 396ஐ 78 யூனிட்டால் வகுத்தால் 5 ரூபாய் 8 பைசா வருகிறது. நான் முதலில் பார்ப்பது எப்போதும் இந்த எண்ணைத்தான். யூனிட் விலை இதற்குக் கீழே இருந்தால் மெஷினை ஓட்டலாம், மேலே இருந்தால் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மெஷினை ஓசியில் கொடுத்தாலும் இதுதான் நிலை. எஸ்19 ப்ரோவை விட நல்ல மெஷின் எஸ்21. 200 டெராஹாஷ், 3500 வாட், நாளைக்கு 84 யூனிட். அதற்கு இதே கணக்கில் 8 ரூபாய் 57 பைசா வருகிறது. அதுவும் 11.31க்குக் கீழேதான்.

"பிட்காயின் விலை ஏறினா?" என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. எஸ்19 ப்ரோ இந்த வீட்டில் கரண்ட் காசை மட்டும் மீட்க ஒரு பிட்காயின் 1 கோடியே 78 லட்சத்துக்குப் போக வேண்டும். 2025 அக்டோபரில் உச்சத்தைத் தொட்டபோதே அது 1.26 லட்சம் டாலர்தான், நம் பணத்தில் 1.1 கோடி அளவு. சரி, ஏறும் என்றே நம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த 882 ரூபாய்க்கு நேராகவே பிட்காயின் வாங்கினால் இன்றைக்கு 0.00011 கிடைக்கும். மெஷினை ஓட்டினால் 0.0000495. பாதிகூட இல்லை. விலை ஏறும் என்ற நம்பிக்கை காயினை வாங்கத்தான் காரணமாகும், நஷ்டத்தில் மெஷினை ஓட்டுவதற்கு ஆகாது. காயின் வாங்கச் சொல்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் ஒப்பிட்டால் மெஷின் தோற்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

வரி இதை இன்னும் மோசமாக்குகிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் கட்டாயம் விட்டுவிடுவது இதைத்தான். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற வருமானத்துக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்தால் 31.2. வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங்குக்கு ஆகும் உள்கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையாகக் கருதப்படாது என்று நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி 2022 மார்ச்சில் மக்களவையில் எழுத்துமூலம் பதில் அளித்தார். மைனிங்கில் வந்த காயினுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது. ஆகவே வரி லாபத்தின் மேல் விழவில்லை, விற்ற மொத்தத் தொகையின் மேலேயே விழுகிறது. 396இல் 124 ரூபாய் வரிக்குப் போனால் கையில் 272. 5.08 என்று வந்த எண் இப்போது 3 ரூபாய் 49 பைசா. எஸ்21க்கு 8.57 என்று இருந்தது 5.90. நஷ்டத்தில் ஓடும் மெஷினுக்கும் வரி உண்டு என்பதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் உண்மையில் எவ்வளவு வாட் எடுக்கிறது என்பதை எப்படிப் பார்ப்பது? கார்டு ரிக் வைத்திருப்பவர்கள் சாஃப்ட்வேர் காட்டும் வாட்டைச் சொல்வார்கள். அது கார்டுகள் எடுப்பது மட்டும். மதர்போர்டு, ஃபேன், பவர் சப்ளையில் வீணாகும் பத்துச் சதவீதம் எதுவும் அதில் இல்லை. இபி மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணும். அந்த மீட்டரையே நாமும் பயன்படுத்தலாம். முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் `3200 imp/kWh` என்று இருக்கும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரிக்கை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 45 முறை என்றால் 45ஐ 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுக்க வேண்டும். 0.84 கிலோவாட். எஸ்19 ப்ரோவாக இருந்தால் ஒரு நொடிக்கு மூன்று மின்னல், கண்ணால் எண்ண முடியாது. செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டு எண்ணலாம்.

இன்னொன்று சூடு. மெஷினுக்குள் போகும் 3250 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடு 3500 வாட் அளவு. அதாவது மூடிய அறையில் வைத்தால் இந்த ஒரு மெஷினுக்கே கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். அது இன்னொரு கிலோவாட், நாளைக்கு 24 யூனிட், 11.55இல் 277 ரூபாய். ஏசி வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்றால் வெளிக்காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த மெஷின் 40 டிகிரி வரையுள்ள காற்றுக்கென்று செய்தது. கத்திரி வெயிலில் திருச்சி எத்தனை நாள் 40ஐத் தொடுகிறது என்று நமக்குத் தெரியும். மாடி ரூம் என்றால் தளத்துச் சூடும் சேர்ந்துகொள்ளும். சூடு ஏறினால் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். சத்தமும் உண்டு, 75 டெசிபல் அளவில். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் உத்தரவீதி வீடுகளில் ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மின்னழுத்தம் அடுத்தது. இதன் பவர் சப்ளை 200 முதல் 240 வோல்ட்டுக்கானது. கோடைகாலச் சாயங்காலம் தெருவே ஏசி போடும் நேரத்தில் 200க்குக் கீழே இறங்கினால் மெஷின் நிற்கும். நின்ற நேரத்துக்கு வருமானம் கிடையாது. 3250 வாட் என்பது 14 ஆம்பியர், இடைவிடாமல். பழைய வீட்டு வயரிங்கில் 16 ஆம்பியர் பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

கடை இணைப்பு எடுத்தால் குறையுமா என்று கேட்டவர்களும் உண்டு. வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாயைத் தாண்டுகிறது. அதன்மேல் 5 சதவீத மின்வரி, கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம். சுற்றிச் சுற்றி மறுபடி பதினொன்றை ஒட்டியே வந்து நிற்கும். வீட்டு இணைப்பிலேயே தொழிலாக நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆவது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போட இடமுண்டு. இரண்டு மாதத்தில் 420 யூனிட் ஓடிய வீட்டில் திடீரென்று 5100 வந்தால் ரீடிங் எடுப்பவர் கண்ணில் படாமல் போகாது.

சோலார் என்பார்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 78 யூனிட்டுக்கு இருபது கிலோவாட் வேண்டும், உத்தரவீதி மொட்டைமாடியில் அதற்கு இடம் ஏது? மூன்று கிலோவாட் போட்டால் 12 யூனிட் வரும், அதை வீட்டுக்கே பயன்படுத்தி பில்லைக் குறைத்துக்கொள்வது மேல்.

கடைசியாக ஒன்று பாக்கி. தம்பிக்கு நான் போட்டுக்காட்டியதிலேயே அவனை யோசிக்க வைத்தது இதுதான். அவன் சொன்ன 3.10 ரூபாய்க்கே கரண்ட் கிடைக்கிறது, வரியே இல்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு வருஷத்தில் போட்டது திரும்புமா? அவன் கணக்கில் 396 ரூபாய் என்றைக்கும் 396ஆகவே நிற்கிறது. நிஜத்தில் 2016 பிளாக்குக்கு ஒரு முறை, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நெட்வொர்க்கின் வேகத்துக்கு ஏற்ப மைனிங்கின் கடினம் மாற்றியமைக்கப்படுகிறது. உலகில் புது மெஷின்கள் சேரச் சேர நம் பங்கு சுருங்கும். 2024 ஏப்ரலில் 600 எக்ஸாஹாஷ் அளவில் இருந்தது ஒன்றரை வருஷத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டியது. நான் மிதமாக மாதம் 2 சதவீதம் குறைவதாக எடுத்தேன், காயின் விலை மாறாது என்றும் வைத்தேன்.

முதல் மாத வருமானம் 11,880, கரண்ட் 7254, மிச்சம் 4626. பன்னிரண்டு மாதம் முடியும்போது சேர்ந்தது 40,800 அளவு. இரண்டு வருஷம் முடியும்போது 54,100. இருபத்தைந்தாம் மாதம் மிச்சம் அறுபது ரூபாய். இருபத்தாறாம் மாதம் வருமானம் கரண்ட் செலவுக்குக் கீழே போய்விடுகிறது, மெஷினை அணைக்க வேண்டியதுதான். அறுபதாயிரம் முழுதாகத் திரும்பவே இல்லை, ஐயாயிரத்து எண்ணூறு குறைகிறது. 390 நாள் என்று வந்த விடை, யூனிட் விலை அவன் சொன்னபடியே இருந்தாலும், இப்படித்தான் முடிகிறது. பூடானில் அரசே நீர்மின்சாரத்தை வைத்து பிட்காயின் எடுக்கிறது என்றால், அவர்கள் கையில் இருப்பது மலிவான மின்சாரமும் குளிர்ந்த காற்றும். ஸ்ரீரங்கத்தில் நமக்கு இரண்டுமே கிடையாது.

தம்பி மெஷினை வாங்கவில்லை. அவனுக்கு அதை விற்க வந்தவர் இன்னொரு வழியும் சொல்லியிருக்கிறார்: மெஷின் வேறு எங்கோ ஓடும், நீ பணம் மட்டும் போடு, மாதா மாதம் இத்தனை சதவீதம் வரும். இந்தப் பேச்சு நம் நாட்டில் புதிதல்ல. அமித் பரத்வாஜ் நடத்திய கெயின்பிட்காயின் திட்டமும் மைனிங்கைக் காட்டித்தான் மாதம் 10 சதவீதம், பதினெட்டு மாதம் என்று ஆசைகாட்டியது. 2018இல் அவர் கைதானார், வழக்கு பின்னர் சிபிஐ வரை போனது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். மூன்று ரூபாய்க் கரண்டிலேயே முதல் மாதம் 7.7 சதவீதம்தான் வந்தது, அதுவும் மாதா மாதம் இறங்கிக்கொண்டே போனது. மாறாத சதவீதம் மைனிங்கிலிருந்து வரவே முடியாது.

யாராவது உங்களிடம் வந்தால் மூன்று எண்களைக் கேளுங்கள்: எத்தனை டெராஹாஷ், எத்தனை வாட், கரண்ட் யூனிட் என்ன விலை. மூன்றையும் சொல்லாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். சொன்னால், கடைசி இபி பில்லை எடுத்து வைத்துக்கொண்டு வித்தியாசக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.